புடவை வாங்கும் முன் படத்தைச் சோதிங்க
(பகுதி நுகர்வோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கடைக்குப் போனால் புடவையைத் தொட்டுப் பார்ப்போம், வெளிச்சத்தில் பிரிச்சுப் பார்ப்போம். போனில் நமக்குக் கிடைப்பது ஒரு படம் மட்டும்தான். அதனால் அந்தப் படத்தைச் சோதிப்பது எப்படி என்று மட்டும் இன்னைக்குப் பார்க்கலாம்.

ஓர் உதாரணம் எடுத்துக்குவோம். இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் வருது. மயில் கழுத்து நிறம், அரக்கு பார்டர், விலை 899 ரூபாய். பணத்தை முன்னாடியே அனுப்பணும், பொருள் வந்த பிறகு தரும் வசதி கிடையாது. உங்களுக்குப் பிடிச்சிருக்கு. என்ன செய்யலாம்?

முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அதில் விலை, பக்கத்தின் பெயர் எல்லாம் இருக்கும். அந்த ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே வச்சுக்கிட்டு, அதன் நகலில் புடவை மட்டும் தெரியுற மாதிரி வெட்டிக்குங்க. எழுத்து இருந்தால் தேடல் அதன் பின்னால் போயிடும். இப்போ கூகுள் ஆப்பைத் திறந்தால், தேடும் பெட்டியில் சின்னதாக ஒரு கேமரா அடையாளம் இருக்கும். அதுதான் லென்ஸ். அதைத் தொட்டு, வெட்டின படத்தைத் தேர்வு செய்யுங்க.

நிறைய படங்கள் வரும். இங்கேதான் பலர் குழம்புறாங்க. அதே மாதிரி புடவையும் வரும், அதே படமும் வரும். நமக்கு வேண்டியது அதே படம். மடிப்பு விழுந்த விதம், பின்னால் இருக்கும் சுவர், மாடலின் கை இருக்கும் இடம் மூணும் ஒண்ணாக இருந்தால் அது ஒரே படம்தான்.

நம் உதாரணத்தில் அதே படம் ஒரு ஜவுளிக்கடையின் சொந்தத் தளத்தில் 11,500 ரூபாய்க்கு இருக்குன்னு வச்சுக்குங்க. அங்கே படத்தின் மூலையில் கடையின் பெயர் இருக்கு. 899 ரூபாய் விளம்பரத்தில் அதே மூலை மங்கலாக அழிக்கப்பட்டிருக்கு. அதோடு அந்தப் பக்கத்தை மூடிடலாம். இதுக்கு மேலே யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரே படம் நாலு இடத்தில் இருந்தாலே மோசடின்னு முடிவு கட்டாதீங்க. வீட்டிலிருந்தே மறுவிற்பனை செய்யும் பெண்கள் நிறைய பேர், மொத்த வியாபாரி கொடுக்கும் படத்தைத்தான் போடுறாங்க. அவங்க விலைகள் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். அதே போல, தேடலில் ஒண்ணும் கிடைக்கலைன்னா படம் நிஜம் என்றும் அர்த்தமில்லை. தேடலில் சிக்காமல் இருக்கச் சிலர் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவாங்க. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. நம் ஊர்க் கட்டில் முந்தானை இடது தோளில் விழும். படத்தில் வலது தோளில் விழுந்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்க. (குஜராத்திக் கட்டில் வலது தோள்தான், அதை விட்டுடுங்க.) உங்க போனில் படத்தை மறுபடி திருப்பி இன்னொரு முறை தேடிப் பாருங்க.

இன்னும் சந்தேகமா? விற்பவர்கிட்ட புதுசாக ஒரு படம் கேளுங்க. ஒரு துண்டுக் காகிதத்தில் உங்க பெயரும் இன்றைய தேதியும் எழுதி, அதில் பாதி முந்தானை மடிப்புக்குள் இருக்கும்படி வச்சு எடுக்கச் சொல்லுங்க. சும்மா மேலே வச்சால், பழைய படத்தின் மேல் ஒட்டிடலாம். மடிப்புக்குள் செருகினதைப் போலியாகச் செய்வது சிரமம். கூடவே பார்டரின் பின்பக்கத்தையும் ஒரு படம் கேளுங்க. நெய்த பார்டர் என்றால் பின்னால் நூல் ஓடுவது தெரியும். அச்சடிச்சது என்றால் பின்பக்கம் வெளிறி இருக்கும். பொருள் கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. "கோடவுனில் இருக்கு, முதலில் பணம் போடுங்க" என்று பதில் வந்தால் பணம் அனுப்பாதீங்க.

இவ்வளவு பார்த்தும் பட்டா, இல்லையா என்று படம் சொல்லாது. அதுக்கு சில்க் மார்க் லேபிள் இருக்கான்னு தனியாகக் கேட்கணும். நிறமும் விளக்கு வெளிச்சத்தில் மாறித்தான் தெரியும்.

ஆரம்பத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீங்க. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. விளம்பரத்தில் என்ன சொன்னார் என்பதற்கு அந்த ஸ்கிரீன்ஷாட்தான் ஆதாரம். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோவும் எடுத்துக்குங்க. விற்பவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். பணம் போய், பக்கமே காணாமல் போயிருந்தால் அது சைபர் மோசடி. அன்றைக்கே 1930-க்குக் கூப்பிடுங்க, cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்தி வைக்க வழி இருக்கும்.