வேலைக்குச் சம்மதம் சொல்லும் கடிதம்
(வேலை தேடும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நமது அறக்கட்டளை நடத்திய வழிகாட்டல் அமர்வில் பேசியது)

ஓசூர் சிப்காட்டிலிருந்தோ, அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, ஜிகனி பக்கமிருந்தோ நம் பிள்ளைக்கு ஒரு ஆஃபர் லெட்டர் வருகிறது. அல்ஹம்துலில்லாஹ், வீடே சந்தோஷப்படுகிறது. பிள்ளை உடனே போனை எடுத்து இப்படி ஒரு பதில் தட்டிவிடுகிறான்: "ரொம்ப தேங்க்ஸ் சார்! 20 ஆயிரம் ஓகே சார். பழைய கம்பெனியில சொல்லிட்டு சீக்கிரம் வந்துடறேன், இன்ஷா அல்லாஹ்!"

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் எந்த வேலை, எவ்வளவு சம்பளம், எந்த ஊர், எந்தத் தேதி என்ற நான்கில் ஒன்றுகூட உறுதியாகவில்லை. 'இன்ஷா அல்லாஹ்' நம் நாவில் எப்போதும் இருக்கட்டும். ஆனால் கடிதத்தில் தேதியே இல்லாமல் அது மட்டும் இருந்தால், நம்மை அறியாத மனிதவள அதிகாரி "வரலாம், வராமலும் போகலாம்" என்று படித்துக்கொள்வார்.

ஒரு உதாரணத்துக்கு, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பிள்ளைக்கு வந்த கடிதம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 'சி.டி.சி. மாதம் 20,025' என்று இருக்கிறது. பிள்ளை கண்ணில் பட்டது இந்த 20 ஆயிரம்தான். சி.டி.சி. என்பது கம்பெனி நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு. பின்பக்க இணைப்பைப் பார்த்தால் மொத்தச் சம்பளம் 18,000, அதில் அடிப்படைச் சம்பளம் 12,000. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 585. இவற்றையும் கூட்டித்தான் 20,025 வந்தது. பிள்ளை பங்காக அடிப்படையில் 12 சதவீதம், அதாவது 1,440 பி.எஃப்.புக்கும், மொத்தத்தில் 0.75 சதவீதம், அதாவது 135 இ.எஸ்.ஐ.க்கும் பிடிப்பார்கள். கையில் வருவது 16,425. கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். இது ஏமாற்று அல்ல, சட்டப்படியான கணக்கு. வீட்டு வாடகையை எதை நம்பி முடிவு செய்வது என்பது மட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது தேதி. கடிதத்தில் ஜூலை 20 என்று இருக்கிறது. பிள்ளை இப்போது இருக்கும் கம்பெனியில் 30 நாள் நோட்டீஸ் தரவேண்டும். ஜூலை 7 அன்று ராஜினாமா கொடுத்தாலும் ஆகஸ்ட் 6 வரை விடமாட்டார்கள். இடையில் ஓடிவந்தால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காமல் போகலாம்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 7ஆவது பிரிவு, சம்மதம் என்பது முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. "சம்மதம், ஆனால் ஆகஸ்டில்தான் வருவேன்" என்று எழுதினால் அது சம்மதம் ஆகாது, நாம் வைக்கும் புதிய கோரிக்கை. அதை ஏற்பதும் மறுப்பதும் கம்பெனியின் விருப்பம். அதனால் கேட்க வேண்டியதை முதலில் தனி மெயிலில் கேட்போம். சேரும் தேதியை ஆகஸ்ட் 10 ஆக மாற்ற முடியுமா? வேலை ஓசூர் யூனிட்டிலா, கர்நாடக யூனிட்டிலா? கடிதம் கம்பெனி பெயரிலா, கான்ட்ராக்டர் பெயரிலா? (இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சம்பளம் தருவதும் பி.எஃப். கட்டுவதும் யார் பொறுப்பு என்பது அதில்தான் தெரியும்.) ஜும்ஆ நேரத்து இடைவேளை பற்றிக் கேட்பதானாலும் இப்போதே கேட்பது நல்லது.

கம்பெனி எழுத்தில் பதில் தந்த பிறகு சம்மதக் கடிதம். ஆங்கிலத்தில்தான் அனுப்புவோம், பொருள் புரிய இங்கே தமிழில்:

"மதிப்பிற்குரிய ஐயா, ஜூலை 3 தேதியிட்ட தங்கள் பணி வாய்ப்புக் கடிதத்திற்கு நன்றி. டிப்ளமோ பொறியாளர் பயிற்சிப் பணியை, அக்கடிதத்திலும் சேரும் தேதியை மாற்றிய தங்கள் ஜூலை 6 மெயிலிலும் உள்ளபடி ஏற்றுக்கொள்கிறேன். மொத்தச் சம்பளம் மாதம் 18,000 ரூபாய், பணியிடம் ஓசூர் யூனிட், ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்று புரிந்துகொண்டுள்ளேன். ஆகஸ்ட் 10 காலை 9 மணிக்கு வந்து சேர்கிறேன். கையெழுத்திட்ட பிரதியை இணைத்துள்ளேன். பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 'பெற்றுக்கொண்டோம்' என்ற பதில் வந்த பிறகே பழைய கம்பெனியில் ராஜினாமா கொடுக்க வேண்டும். மாலைக்குள் பதில் வராவிட்டால் போன் செய்து கேட்கலாம். போனில் "சரி தம்பி, வாங்க" என்று சொன்னாலும், "அதை மெயிலில் ஒரு வரி அனுப்புங்கள் சார்" என்று கேட்பதில் தவறில்லை. சேருவதற்கு முன் 'டெபாசிட்', 'யூனிஃபார்ம் பணம்' என்று யாராவது கேட்டால், எதுவும் அனுப்பாமல் அந்தக் கடிதத்தை நம் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கிறோம்.