"நாமா? நாங்களா?"



நூலுக்குப் பொருள் தருவது எழுதியவரா, படிப்பவரா? படிப்பவரே என்பது எங்கள் அணி. "எழுத்து ஒண்ணுதானே, பொருள் எப்படி ரெண்டாகும்?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஆகும் ஐயா!

விவிலியத்திலே ஏசாயா தீர்க்கதரிசியின் நூல். 52-ஆம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்கள், தொடர்ந்து 53-ஆம் அதிகாரம். கடவுளின் தாசன் ஒருவன் வருகிறான். அவமானப்படுகிறான், அடிபடுகிறான், ஆட்டைப் போல வாய் திறக்காமல் இருக்கிறான். அதைப் பார்த்தவர்கள், "இவன் பட்டதெல்லாம் நமக்காக" என்கிறார்கள்.

யார் அந்தத் தாசன்? அதைச் சொல்ல, முதலில் பேசுகிறவர் யார் என்று தெரியணும்.

கிறிஸ்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? பேசுவது மனம் திரும்பிய மக்கள், தாசன் இயேசு. அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில், ரதத்தில் போகிற எத்தியோப்பிய அதிகாரி இந்தப் பகுதியை வாசித்துவிட்டு, "இது யாரைப் பற்றி?" என்றே கேட்கிறார். பிலிப்பு அங்கே தொடங்கித்தான் இயேசுவைப் பற்றிச் சொல்கிறார்.

1040-இல் பிறந்த பிரெஞ்சு நாட்டு யூத உரையாசிரியர் ராஷி, ஒரு வசனம் பின்னால் போகிறார். 52:15-இல் அரசர்கள் வாயடைத்து நிற்கிறார்கள் அல்லவா? பேசுவது அவர்கள்தான், பிற நாட்டார்தான் என்கிறார். அப்படியானால் தாசன் இஸ்ரவேல் மக்கள். "அவர்கள் பாவிகள், அதனால் துன்பப்பட்டார்கள் என்று நினைத்தோமே, தப்பு!" என்று உலகமே ஒப்புக்கொள்ளும் காட்சி அது. ராஷி வாழ்ந்த நாளில்தான், 1096-இல், ரைன் நதிக்கரை ஊர்களில் சிலுவைப் போர்க் கூட்டத்தார் யூதர்களைக் கொன்று குவித்தார்கள். அடிபட்டவனின் நெஞ்சுக்கு இந்தப் பொருள் எப்படி இருந்திருக்கும், நினைச்சுப் பாருங்க!

இரண்டு பக்கமும் கேள்வி உண்டு. ஏசாயா 49:3 தாசனை இஸ்ரவேல் என்றே அழைக்கிறது. அது யூதருக்குப் பலம். ஆனால் 49:6-இல் அந்தத் தாசனே இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்! அங்கே கிறிஸ்தவர், "தன்னைத் தானே எப்படிக் கொண்டுவருவது?" என்று மடக்குவார். யூதரிலும் எல்லோரும் ஒரே குரல் இல்லை. பழைய அரமேய மொழிபெயர்ப்பான தர்கூம் இந்தத் தாசனை மேசியா என்கிறது. ஆனால் துன்பங்களை மட்டும் அவர்மேல் ஏற்றாமல் மற்றவர்மேல் ஏற்றிவிடுகிறது!

இப்போ நம்ம தமிழுக்கு வாங்க. எபிரெயத்தில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் தப்பிக்க முடியாது. தமிழ் வேதாகமம் அந்த அதிகாரத்தை 'எங்கள்' என்று தொடங்கி, துன்பத்தைச் சொல்லும்போது 'நம்முடைய' என்று மாறுகிறது. 'நம்முடைய' என்றால் கேட்கிற நீங்களும் உள்ளே வந்துவிட்டீர்கள். அது கிறிஸ்தவப் பொருள். ராஷிப்படி மொழிபெயர்த்தால் கடைசிவரை 'எங்கள்' என்றே போக வேண்டும். ஏனென்றால் இஸ்ரவேலுக்கு அங்கே இடமில்லை, பேசுவது அரசர்கள்!

எழுதியவர் வைத்தது ஒரே சொல். அதில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்தவர் படித்தவர்தான். நடுவர் அவர்களே, தீர்ப்பைப் படிப்பவர் பக்கமே தாருங்கள் என்று கேட்டு அமைகிறேன்.