நிதி குறைந்த ஆண்டிற்கு நாம் எழுதிய இசைவுக் கடிதம்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்வி, மருத்துவக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

நமது அறக்கட்டளையின் மாலை நேர வகுப்பு, தையற் பயிற்சி, மருத்துவ முகாம், உயர்கல்வி உதவி ஆகிய பணிகளுக்கு ஆண்டுதோறும் பத்து இலட்சம் ரூபாய் நல்கிவரும் தோல் ஏற்றுமதி நிறுவனம், 2026-27 நிதியாண்டிற்கு அத்தொகையை எட்டு இலட்சமாகக் குறைத்துக்கொள்ள இசையுமாறு கேட்டு எழுதியிருந்தது. இசைந்து மறுமொழி அனுப்பினோம். அக்கடிதத்தில் என்ன எழுதினோம், ஏன் அவ்வாறு எழுதினோம் என்பதை உங்கள் முன் வைப்பது எங்கள் கடமை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பள்ளிவாசலின் செலவுகளும் இமாம், முஅத்தின் ஆகியோரின் ஊதியமும் உங்கள் சந்தாவிலிருந்து நடைபெறுகின்றன. நிறுவனத்தின் பணம் தனி வங்கிக் கணக்கில் வந்து, தனியே தணிக்கை செய்யப்படுகிறது. ஆகவே இக்குறைப்பு பள்ளிவாசலைத் தொடவில்லை.

குறைப்பு ஏன் சரியாக ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்று பலர் எங்களை வினவினர். மனம் மாறிவிட்டார்களோ என்ற ஐயமும் சிலருக்கு எழுந்தது. விடை கணக்கில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவிற்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சி.எஸ்.ஆர். நிதி என்று நாம் சொல்வது இதுவே. இதில் 'மூன்று ஆண்டுகளின் சராசரி' என்ற சொற்களைக் கவனியுங்கள். இரண்டு ஆண்டுகள் நூறு நூறாக இலாபம் ஈட்டிய ஒரு நிறுவனம் மூன்றாம் ஆண்டு நாற்பது மட்டுமே ஈட்டினால், மொத்தம் இருநூற்று நாற்பது, சராசரி எண்பது. அதாவது, ஓராண்டில் இலாபம் பாதிக்கும் மேல் சரிந்தால்தான் நமக்கு வரும் தொகை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நம்மைவிட அவர்கள் பட்ட அடி பெரிது என்பது இதனால் விளங்கும்.

அந்த அடி எங்கிருந்து வந்தது என்பது ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் தொழில் செய்யும் உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 7ஆம் நாள் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 25 விழுக்காடு வரி விதித்தது. அதே மாதம் 27ஆம் நாள் மேலும் 25 விழுக்காடு சேர்ந்து 50 ஆயிற்று. காலணிக்கும் தோற்பொருளுக்கும் வந்த ஆர்டர்கள் நின்றன, அல்லது விலை குறைத்துக் கேட்கப்பட்டன. அந்த வரி பிற்பாடு என்ன ஆனாலும், அவ்வாண்டின் இலாபக் கணக்கு எழுதி முடிந்த கணக்கு. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு மோசமான ஆண்டு சராசரியில் மூன்று முறை இடம்பெறும். எனவே வணிகம் அடுத்த ஆண்டே நிமிர்ந்தாலும் நமக்குரிய தொகை உடனே பழைய அளவிற்குத் திரும்பிவிடாது. இதை உணர்ந்தே, "இக்குறைப்பு ஓராண்டிற்குரியது அன்று, மூன்றாண்டுகள் வரை நீடிக்கலாம் என்று கொண்டு திட்டமிட்டுள்ளோம்" என்று கடிதத்தில் எழுதினோம். ஓராண்டைச் சமாளித்தால் போதும் என எண்ணியிருந்தால் வைப்புநிதியை உடைத்துப் பத்து இலட்சத்தை நிரப்பியிருப்போம். அடுத்த ஆண்டு வைப்பும் இராது, வரவும் இராது.

இனி, எதைக் குறைப்பது என்ற வினா. குழுவில் முதலில் எழுந்த கருத்து, எல்லாவற்றிலும் ஐந்தில் ஒன்றைக் கழித்துவிடலாம் என்பதே. யாருக்கும் மனத்தாங்கல் வராத வழி. கடிதமும் நான்கு வரியில் முடிந்துவிடும். ஆயின் ஒவ்வொரு பணியாக வைத்துப் பார்த்தபோது அது பொருந்தவில்லை. நான்கு ஆசிரியர்களுக்கு மாதம் ஏழாயிரம் வீதம் பத்து மாதம் தருகிறோம். அதை ஐயாயிரத்து அறுநூறாக்கினால் அவர்கள் தை மாதத்திற்குள் வேறிடம் சென்றுவிடுவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு நேரத்தில் ஆசிரியரின்றி நிற்பர். கல்லூரிக் கட்டணத்திற்கென ஒரு மாணவருக்கு எட்டாயிரம் தருகிறோம். ஆறாயிரத்து நானூறு கொடுத்தால் மீதியைக் கட்ட இயலாதவர், கொடுத்ததையும் கட்ட இயலாதவராகிறார். முகாமில் ஒரு மாத மாத்திரைக்குப் பதில் மூன்று வார மாத்திரை தந்தால், சர்க்கரை நோயாளிக்கு மீதி ஒரு வாரம் என்ன ஆகும்? சீராகக் குறைத்தால் எல்லாப் பணியும் பெயரளவில் இருக்கும், எதுவும் பயன் தராது. ஆகையால், ஒரு பணியை நடத்தினால் முழு அளவில் நடத்துவது, எண்ணிக்கையைக் குறைப்பது, தரத்தைக் குறைப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

பெரிய அமைப்புகளும் இவ்வழியையே நாடியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் 2026-27ஆம் ஆண்டுகளுக்கென முதலில் 530 கோடி டாலர் வரவு-செலவு வகுத்திருந்தது. நிதி வரத்து குறைந்தமையால் அதை 21 விழுக்காடு குறைத்து 420 கோடியாக்கினர். 2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. அங்கும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆயினும் தலைமையகத்தின் 76 துறைகளிலும் ஐந்தில் ஒன்றை அவர்கள் கழிக்கவில்லை. துறைகளை இணைத்து 34 ஆக்கினர்.

நமது பத்து இலட்சத்தில் மாலை வகுப்பிற்கு 2,80,000, தையற் பயிற்சிக்கு 2,10,000, ஆறு மருத்துவ முகாம்களுக்கு 1,80,000, இருபது மாணவர் உதவிக்கு 1,60,000, அலுவலகச் செலவிற்கு 1,70,000 என்று ஒதுக்கியிருந்தோம். இவற்றுள் மாலை வகுப்பை நாங்கள் தொடவில்லை.

அலுவலகச் செலவில் முதலில் கை வைத்தோம். வாடகைக் கட்டடத்தை விட்டு மதரஸா மாடியிலுள்ள அறைக்கு மாறுவதால் ஆண்டிற்கு 36,000 மிச்சம். ஆண்டு விழாவையும் அதன் அச்சுச் செலவையும் நிறுத்தியதில் 20,000. இதற்கு மேல் குறைக்கச் சிலர் வற்புறுத்தினர். ஒருங்கிணைப்பாளரையே நிறுத்திவிடலாம் என்றனர். அதற்கு இசையவில்லை. பதிவேடு எழுதவும் பற்றுச்சீட்டு சேர்க்கவும் ஆளில்லாமல் ஆண்டிறுதியில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர முடியாது. சான்றிதழ் இல்லையேல் அடுத்த தவணை இல்லை.

தையற் பயிற்சியில் நான்கு புதிய பொறிகள் வாங்க 60,000 வைத்திருந்தோம். அதைக் கைவிட்டு, பழைய பன்னிரண்டு பொறிகளைப் பழுதுபார்க்க 8,000 சேர்த்தோம். இதனால் மிச்சம் 52,000. ஆனால் ஓர் அணிக்குப் பதினாறு பேர் என்றிருந்த எண்ணம் பன்னிரண்டோடு நிற்கும். ஆண்டிற்கு இரண்டு அணி என்பதால் எட்டுப் பெண்களுக்கு இவ்வாண்டு இடமில்லை.

மருத்துவ முகாம் பற்றித்தான் குழுவில் நீண்ட வாதம் நடந்தது. ஆறு முகாம்களில் இரண்டு நம் பாகாயத்திலேயே நடப்பவை. நான்கு, தோல் தொழிலாளர் குடியிருப்புகளில் நடப்பவை. பாகாயத்து இரண்டையும் நிறுத்தி 60,000 மிச்சப்படுத்தினோம். "நம் தெருவை விட்டு வெளியூருக்கா?" என்று கேட்டவர்களின் மனவருத்தம் எங்களுக்கும் உண்டு. எனினும் நம் ஊரில் சி.எம்.சி.யின் சமூகநல மருத்துவமனையான 'சாட்' இருக்கிறது. கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் மக்கள் அங்கு வருகிறார்கள். நமக்கு அது நடந்து செல்லும் தொலைவு. தொழிற்சாலைக்குச் செல்லும் கூலித் தொழிலாளிக்கோ வேலைநாளில் புறநோயாளியாகச் செல்வது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். எஞ்சிய நான்கு முகாம்களும் ஞாயிற்றுக்கிழமைகளில், மூன்று மாதத்திற்கு ஒன்றாக நடைபெறும். ஒரே இரத்த அழுத்த, சர்க்கரைப் பட்டியலை வைத்துக்கொண்டு அதே நோயாளிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடியும் என்பதால், இம்மாற்றத்தில் ஒரு நன்மையும் உண்டு.

உயர்கல்வி உதவி பெறுவோரில் பன்னிருவர் ஏற்கெனவே இரண்டாம், மூன்றாம் ஆண்டு பயில்பவர்கள். அவர்களுக்கு ஒரு ரூபாயும் குறையாது. நடுவழியில் கைவிடுவது வாக்குத் தவறுதலாகும். புதியவர் எட்டுப் பேர் என்பது நால்வராகிறது. மிச்சம் 32,000. நான்கு கணக்கையும் கூட்டினால் இரண்டு இலட்சம் ஆகிறது.

கடிதத்தில் தொகைகளோடு நின்றுவிடவில்லை. குறைந்த தொகைக்கு இசைந்துவிட்டுப் பழைய இலக்குகளை அப்படியே விட்டுவிட்டால், ஆண்டிறுதியில் ஆறு முகாம் எங்கே, முப்பத்திரண்டு பயிற்சியாளர் எங்கே என்று ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்பர். நாம் பணியில் தவறியவராகத் தோன்றுவோம். அதனால் புதிய இலக்குகளை எழுதி, ஒப்பந்தத்தின் இணைப்பை மாற்றிக் கையொப்பமிட்டு அனுப்பக் கேட்டோம். அந்தப் பகுதியை வாசிக்கிறேன்: "தங்கள் வேண்டுகோளுக்கு இசைகிறோம். எட்டு இலட்சத்தில் முகாம்கள் நான்கும், தையற் பயிற்சி பெறுவோர் இருபத்துநால்வரும், உதவி பெறும் மாணவர் பதினாறு பேரும் ஆவர். மாலை வகுப்பு மாறாது. இவற்றிற்கு மேல் பழைய எண்ணிக்கையை எங்களால் உறுதியளிக்க இயலாது." பணிவாக எழுதுவதாக எண்ணி, எல்லாவற்றையும் முன்போலவே செய்வோம் என்று எழுத ஒருவர் வரைவு கொடுத்திருந்தார். அப்படி எழுதினால், இதுவரை இரண்டு இலட்சம் வீணாகச் செலவாயிற்று என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகும்.

தவணை பற்றியும் ஒரு வேண்டுகோள் வைத்தோம். பணம் இரு தவணைகளில் வருகிறது. ஆண்டு தொடங்குமுன்பே குறைப்பைத் தெரிவித்ததால் தவணைக்கு நான்கு இலட்சம் என்று வகுக்க முடிந்தது. முதல் தவணையாக ஐந்து இலட்சம் வந்து செலவான பின் கேட்டிருந்தால், இரண்டு இலட்சமும் இரண்டாம் தவணையிலேயே விழுந்து, எஞ்சிய ஆறு மாதத்திற்கு மூன்று இலட்சமே இருந்திருக்கும். ஐந்தில் ஒன்று ஐந்தில் இரண்டாகியிருக்கும். ஆகவே, இனி மாற்றம் ஏதும் இருப்பின் பிப்ரவரி இறுதிக்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டோம். நிறுவனத்தார் இதற்கு இசைந்து, திருத்திய இணைப்பில் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டனர்.

புதிய மாணவர் நால்வரைத் தெரிவு செய்யும் பொறுப்பை, குழுவில் உறவினர் எவரும் விண்ணப்பிக்காத மூவரிடம் ஒப்படைத்துள்ளோம். இடம் கிடைக்காத நால்வரின் பெயர்களை வரிசைப்படி வைத்திருப்போம். ஜமாஅத்தில் யாரேனும் ஒரு மாணவரின் எட்டாயிரத்தை ஏற்க முன்வந்தால், அவ்வரிசையின் முதற் பெயருக்கே அது செல்லும்.