வண்டில போறப்போ துப்பட்டாவா, ஸ்கார்ஃபா?

நம்ம ஊர்ல சுடிதார் துப்பட்டாவையே 'ஷால்'னுதான் சொல்றோம். ஆனா நிஜ ஷால், குளிருக்குப் போர்த்துற கம்பளித் துணி. துப்பட்டா சுமார் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். ஸ்டோல் 2 மீட்டர் நீளம், அகலம் கம்மி. ஸ்கார்ஃப் பெரும்பாலும் 90 செ.மீ. சதுரம்.

இந்த அளவு ஸ்கூட்டர்ல ஏறினாதான் முக்கியமாகுது. பின்னாடி தொங்குற முனை சக்கரத்துல சிக்கினா, கழுத்தை இறுக்கிடும். தோள்ல பின் குத்தினா மட்டும் போதாது, முனை அப்பவும் பறக்கும்.

நான் செய்றது இது: துப்பட்டாவை ஒரு தோள்ல போட்டு, எதிர்ப்பக்க இடுப்புல முடிச்சுப் போடுவேன். அதுக்கப்புறமும் ரெண்டு பக்கமும் அரை மீட்டர் மிஞ்சும். அதை இடுப்பைச் சுத்திச் செருகிடுவேன். ஷிஃபான், ஜார்ஜெட்னா முடிச்சு வழுக்கும்; அதைக் கழற்றிப் பையில வெச்சிடுவேன்.

தூசிக்கு மெல்லிய காட்டன் ஸ்கார்ஃப் போதும். முக்கோணமா மடிச்சு முகத்தைச் சுத்தி, பின்கழுத்துல சின்னதா முடிச்சுப் போட்டு, முனைகளைச் சட்டைக்குள்ள விடுங்க. முடிச்சு தடிமனா இருந்தா ஹெல்மெட் சரியா உட்காராது.

கிளம்புறதுக்கு முன்னாடி சீட்ல உட்கார்ந்து ஒரு தடவை பாருங்க. சீட்டுக்குக் கீழே எந்த முனையும் தொங்கக் கூடாது.