களிக்கு உலை வைத்த தண்ணீர் எந்தக் குடம்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க. "தண்ணி வேலைன்னு ஒரு வருஷமா வீடு வீடா வந்து எழுதிட்டுப் போறீங்களே, அந்த நோட்டுல என்னதான் இருக்கு?" நியாயமான கேள்வி. குழுவின் ரொக்கப் புத்தகத்தை யார் கேட்டாலும் காட்டுகிறோம். இதையும் காட்ட வேண்டியதுதானே? அதனால் இன்றைக்கு அந்த நோட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம். முதலில் நாங்கள் அதைத் தப்பாக எழுதினோம். அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

நம்ம மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை விழும். பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். இதற்காகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஜப்பான் நிதி உதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் திறந்தார்கள்.

குழாய் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தண்ணீர் வீட்டு அடுப்புக்குப் போகிறதா? எங்கள் சின்ன வேலை அது ஒன்றுதான். சூளகிரி பக்கம் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொண்டோம். சமூகப்பணி படிக்கும் ஒரு மாணவி கண்காணிப்புப் பயிற்சிக்காக எங்களோடு சேர்ந்தார். மாற்றம் நடந்ததா என்று எதை வைத்துச் சொல்வது, அதை எப்படி எழுதி வைப்பது என்று பார்ப்பது அவர் பொறுப்பு.

முதல் வாரம் அந்தப் பெண் இரண்டு பக்கம், முப்பத்தெட்டு கேள்வி கொண்ட படிவம் தயாரித்தார். நாங்களும் சரி என்று தலையாட்டினோம். நாங்கள் படித்த காலத்தில் இதைவிடப் பெரிய படிவமெல்லாம் போட்டவர்கள்தானே! அதில் எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வீட்டில் குழாய் இருக்கிறது, பிள்ளைகள் பல்லில் கறை உண்டா, மூட்டு வலி உண்டா, ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று எல்லாம் இருந்தது. ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பத்து வீடு முடிவதற்குள் வீட்டுக்காரங்களுக்கும் சலிப்பு, எழுதினவருக்கும் சலிப்பு.

பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தோம்.

கூட்டம், நோட்டீஸ் எண்ணிக்கை எல்லாம் நாங்கள் செய்த வேலைக்குக் கணக்கு. வீட்டில் ஏதாவது மாறியதா என்று அது சொல்லாது. குழாய் எண்ணிக்கையும் அப்படித்தான். குழாய் இருக்கும், அந்தப் பக்கமே போர் தண்ணீர் அண்டாவும் இருக்கும்.

பல் கறையை அடிக்கத்தான் யோசித்தோம். வியாதியே அதுதானே, அதை எப்படி விடுவது? ஆனால் நிரந்தரப் பல் ஈறுக்குள்ளே உருவாகிற சின்ன வயதில் குடித்த தண்ணீர்தான் பிறகு கறையாகத் தெரிகிறது. எட்டு வயதுப் பிள்ளையின் முன்பல்லைப் பார்த்தால், அது கைக்குழந்தையாக இருந்தபோதும் அதற்கு அடுத்த சில வருஷத்திலும் குடித்த தண்ணீரின் கதைதான் அதில் இருக்கும். இந்த வருஷம் நல்ல தண்ணீர் கொடுத்தாலும் விழுந்த கறை போகாது. ஒரு வருஷ வேலைக்குப் பல்லை அளவுகோலாக வைத்தால், நல்லது நடந்திருந்தாலும் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நோட்டு சொல்லும். இன்றைக்குப் பிறக்கிற குழந்தைகளை ஏழெட்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அது சரியான அளவுகோல். மூட்டு வலியை உடனே அடித்துவிட்டோம். களை எடுக்கிறவங்களுக்கும் வலிக்கும், கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவங்களுக்கும் வலிக்கும். எது எதனால் என்று நாம் பிரிக்க முடியாது.

மிஞ்சியது ஒரே கேள்வி. ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கிறீர்களா? அதிலும் ஒரு சிக்கல். கேட்டால் எல்லாரும் "ஆமாங்க" என்றார்கள். நாங்கள் எந்தப் பதிலுக்காக வந்திருக்கிறோம் என்று அவங்களுக்குத் தெரியுமே. ஒரு பாட்டி ஆமாம் என்று சொல்லிக்கொண்டே போர் தண்ணீரை மொண்டு எங்களுக்கே குடிக்கக் கொடுத்தாங்க!

அதனால் கேள்வியை மாற்றினோம். "காலையில களிக்கு உலை வச்ச தண்ணி எந்தக் குடம்? காட்டுங்கம்மா." அடுத்து, "இப்ப குடிக்கிற தண்ணி எது?" இரண்டே கேள்வி. முதல் கேள்விக்கு அபிப்பிராயம் சொல்ல இடமில்லை. குடத்தைக் கை காட்டித்தான் ஆக வேண்டும். சமையலைத் தனியாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. களி, சோறு, பருப்பு, டீ எல்லாவற்றிலும் தண்ணீர் உள்ளே போகிறது. நிறைய வீட்டில் குடிக்க மட்டும் கேன் வாங்குகிறார்கள், சமையல் போர் தண்ணீரில்தான். குடிக்கிறதை மட்டும் கேட்டிருந்தால் இந்த வீடுகளையும் மாறிய கணக்கில் சேர்த்திருப்போம். குடிக்க, சமைக்க இரண்டுக்கும் போர் தண்ணீரை விட்ட வீடுதான் மாறிய வீடு என்று முடிவு செய்தோம்.

இனி நோட்டு. நாற்பது பக்க நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம். அங்கே வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் அதிகம், தமிழ் எழுத்து எல்லாருக்கும் வராது. அதனால் எழுத்தே வேண்டாம், ஸ்டிக்கர் பொட்டு வைக்கலாம் என்று அந்த ஊர்ப் பிரதிநிதிதான் சொன்னாங்க. இரண்டுக்கும் நல்ல தண்ணீர் என்றால் நீலப் பொட்டு, ஒன்றுக்காவது போர் தண்ணீர் என்றால் சிவப்புப் பொட்டு. வேலை தொடங்குவதற்கு முன்பே முதல் கட்டம் ஒட்டிவிட வேண்டும். எங்கே இருந்தோம் என்று தெரியாமல் எவ்வளவு தூரம் வந்தோம் என்று எப்படிச் சொல்வது?

இதிலும் ஒரு பெரிய தப்பு செய்தோம். புரிவதற்காக 40 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவி பகல் பதினொரு மணிக்குப் போகிறார். 30 வீடு திறந்திருக்கிறது, 10 வீடு பூட்டு. திறந்த 30-ல் 24 வீட்டுக்கு நீலப் பொட்டு. நூற்றுக்கு 80 என்று அறிக்கை எழுதலாம், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பூட்டின வீடு யாருடையது? ஓசூர் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிப்போகிறவங்க வீடு. குழாயில் தண்ணீர் விடுகிற நேரத்தில் அவங்க வீட்டில் இல்லை. பிடித்து வைக்க ஆள் இல்லாமல் ராத்திரி போர் தண்ணீரில் சமைக்கிற வீடுகள் அவை. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டால் அந்தப் பத்தில் 4 வீடுதான் நீலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 40-க்கு 28. நூற்றுக்கு 80 என்று நினைத்தது 70 ஆகிறது. யாருக்கு உதவி அதிகம் வேண்டுமோ அவங்களையே கணக்கிலிருந்து தள்ளிவிட்டிருப்போம்.

அன்றிலிருந்து இரண்டு விதி வைத்தோம். பூட்டின வீட்டுக் கட்டத்தில் வட்டம் போட வேண்டும், காலியாக விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டங்களை முடிக்க வேண்டும். அறிக்கையில் சதவீதத்தோடு "40-க்கு 28" என்றும் எழுத வேண்டும். சின்ன ஊரில் இரண்டு வீடு மாறினாலே சதவீதம் ஐந்து குதித்துவிடும்.

பொட்டு சிவப்பாக மாறினால் ஏன் என்று தெரிய வேண்டுமே. அதற்கு இரண்டாவது பதிவு ஒன்று, காலண்டர். பால் கணக்கு குறிக்கிற மாதக் காலண்டர்தான். குழாய்க்குப் பக்கத்து வீட்டு உறுப்பினர் தண்ணீர் வந்த நாளில் ஒரு கோடு போடுவாங்க, அவ்வளவுதான். ஒரு மாதம் சிவப்புப் பொட்டு கூடியபோது காலண்டரைப் பார்த்தோம். பத்து நாளுக்கு மேல் கோடே இல்லை, மோட்டார் பழுது. அந்த மாதம் பெண்கள் நம் பேச்சைக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். இதே மாதிரி மோட்டாரைப் பழுது பார்த்த பிறகு நீலம் கூடினால், அதை எங்கள் கூட்டத்தின் சாதனை என்றும் எழுத முடியாது. கோடையில் வரத்து எப்படியும் குறையும். அதனால் ஏப்ரலை அடுத்த ஏப்ரலோடு ஒப்பிடுகிறோம், அக்டோபரோடு அல்ல.

மூன்றாவது, தண்ணீரையே சோதிப்பது. நீலப் பொட்டு இருந்தால் மட்டும் போதுமா? மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து விட்டால், குழாயில் வருவதே கலப்புத் தண்ணீர்தான். அதனால் மாதம் ஒரு முறை கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக் களச் சோதனைப் பெட்டியில் பார்க்கிறோம். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்தச் சோதனைப் பயிற்சி என்று வைத்திருக்கிறார்கள், உங்களில் சிலர் எடுத்திருப்பீர்கள். மருந்து ஊற்றி நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். எங்களிடம் உள்ள பெட்டியில் இளஞ்சிவப்பு நிறம் மஞ்சள் பக்கம் போகப் போக ஃபுளோரைடு அதிகம் என்று அர்த்தம். மருந்து காலாவதி தேதியை முதலில் பாருங்கள். ஒரே தண்ணீரை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, சொல்லிக்கொள்ளாமல் எழுதுங்கள். இரண்டும் ஒத்து வராவிட்டால் மறுபடி செய்யுங்கள். கண்ணால் பார்ப்பது தோராயம்தான். 1.5-க்குப் பக்கத்தில் வந்தால், அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம்.

நோட்டு, காலண்டர், சோதனைத் தாள் மூன்றும் அந்த ஊர்க் குழுவிடம்தான் இருக்கிறது. எங்களிடம் இருப்பது நகல். மாதக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் பொட்டை எண்ணி, "40-க்கு எத்தனை" என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுகிறார்கள். பஞ்சாயத்துத் தலைவரிடம் குழாய் நேரத்தை மாலைக்கு மாற்றக் கேட்டு மனு கொடுத்தபோது, பூட்டின வீட்டுக் கணக்கைத்தான் கூட வைத்தோம். வாரத்தில் இரண்டு நாள் மாலையில் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் தண்ணீர் வருகிறதா என்பதைக் காலண்டர் சொல்லும்.

இந்த மாதம் இன்னும் இரண்டு ஊரில் தொடங்குகிறோம். அந்த ஊர்ப் பிரதிநிதிகள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள், நோட்டும் இரண்டு நிறப் பொட்டு அட்டையும் வாங்கிக்கொண்டு போங்கள். முதல் கட்டம் ஒட்டப் போகிறபோது பகலில் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை.