முடிதிருத்துவோரின் தோள்வலியும் இடுப்புவலியும்

முடிதிருத்துவோர் கையிலெடுக்கும் கத்தரிக்கோல் மிக இலேசானது. ஆயினும் மாலையில் அவருடைய தோள் கனத்துப்போகின்றது. காரணம், அவர் நாள் முழுவதும் தூக்கி நிற்பது தமது கையையே. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவரின் ஒரு கை ஏறத்தாழ 3 கிலோகிராம் இருக்கும். அதனை அசையாது உயர்த்தி வைத்திருக்கும்போது தோள்தசைகள் இறுகி, தமக்குள்ளே ஓடும் இரத்தத்தைத் தாமே தடுக்கின்றன. மேலும், தோளின் மேலெலும்புக்கும் கையெலும்பின் தலைக்கும் இடையே ஒரு தசைநாண் செல்கின்றது. கை தோள்மட்டத்தை நெருங்குந்தோறும் அந்த இடைவெளி ஒடுங்க, நாண் நெருக்குண்டு நாளடைவில் நைந்துபோகின்றது.

யாழ்ப்பாணத்துச் சலூன் ஒன்றில் தொழில்புரியும் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். அவருடைய உயரம் 160 சென்ரிமீற்றர். தோளின் உயரம் ஏறத்தாழ 131. நாற்காலியின் இருக்கை நிலத்திலிருந்து 50. அதில் அமர்பவரின் உச்சந்தலை இருக்கையிலிருந்து 88 உயரமாயின், அது நிலத்திலிருந்து 138 ஆகின்றது. அதாவது, உச்சிமயிரை வெட்டும்போதெல்லாம் அவருடைய கை தோளுக்கு மேலே நிற்கின்றது.

அவர் இருக்கையை 8 சென்ரிமீற்றர் தாழ்த்தி, 10 சென்ரிமீற்றர் உயரமான அகன்ற பலகையொன்றின்மேல் நின்றால், உச்சந்தலை 130 ஆகவும் தோள் 141 ஆகவும் மாறும். முழங்கை விலாவை நோக்கி இறங்கிவிடும். பலகை சறுக்காததாயும் கால் தவறாத அகலமுடையதாயும் இருத்தல் வேண்டும்.

ஆனால் பிடரியைத் திருத்துங்கால் அதே தாழ்ந்த இருக்கை இடுப்புக்குப் பகையாகும். குனிந்து நிற்பவரின் உடலின் மேற்பாதியை முதுகின் அடித்தசைகளே தாங்கவேண்டியிருக்கின்றது. ஆகவே பிடரிக்கு இருக்கையை உயர்த்துவதும், பலகையை விட்டிறங்குவதும் முறை. எட்டிச் சாய்ந்து வெட்டாது, நாற்காலியைச் சுழற்றியோ தாம் சுற்றி நடந்தோ வேலைசெய்தால் இடுப்பு முறுகாது. உயர்த்தவும் சுழற்றவும் இயலாத நாற்காலியாயின், முழந்தாளைச் சற்று மடக்கி, ஒரு காலை முன்வைத்து நிற்பது ஓரளவு உதவும். அலகு மழுங்கிய கத்தரி ஒரே இடத்தைப் பலமுறை வெட்டச்செய்து, கை உயர்ந்திருக்கும் நேரத்தை நீட்டும். தீட்டி வைத்திருப்பதும் தோளுக்குச் செய்யும் உதவியே.

வெறுங் களைப்பு ஓரிரவு ஓய்வில் தீரும். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது நடுவழியில் வலி தோன்றி, மேலே சென்றதும் தணிந்தாலும், அத்தோளின்மேல் படுக்க முடியாது உறக்கங் கலைந்தாலும், நாண் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். பிறர் உயர்த்தினாலும் கை எழாதாயின் மூட்டே இறுகியிருக்கலாம்; நீரிழிவு உள்ளோரிடம் இது அதிகம். இவற்றுக்கு வைத்தியரை நாடுதல் வேண்டும். இடுப்புவலியுடன் கால் விறைப்போ பலவீனமோ தோன்றினாலும் அவ்வாறே. சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தாமதமின்றி அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.