ஒரே சர்க்கரை, நாலு பெயர்

சாயங்காலப் பசிக்கு பிஸ்கட்டை விட்டுட்டு ஓட்ஸ் பாருக்கு மாறினவங்க இதைக் கேட்கிறவங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. முன்பக்கம் ஓட்ஸ், தேன், நட்ஸ் படம் இருக்கும். நல்லதுதானேன்னு சர்க்கரை நோய் இருக்கிற அப்பாவுக்கும் ரெண்டு வாங்கிட்டுப் போவோம். இன்னைக்கு அந்த பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தைப் படிக்கப் போறோம்.

முதல்ல இன்கிரீடியன்ட்ஸ் பட்டியல். தயாரிக்கும்போது எது எடையில் அதிகமோ அது முதலில் வரணும், குறைந்தது கடைசியில். நம்ம பாஷையில் சொன்னா டிசென்டிங் சார்ட். ஆனா இதில் 'குரூப் பை' கிடையாது. சர்க்கரையை ஒரே பொருளாப் போட்டா அது மேலே வந்து நிற்கும். நாலு பொருளாப் பிரிச்சுப் போட்டா, ஒவ்வொண்ணும் தனித்தனியா கீழே இறங்கிடும். இது எப்பவும் ஏமாற்று வேலைன்னும் சொல்ல முடியாது. பார் உதிராம ஒட்டி நிற்க சிரப் வேணும். காரணம் எதுவா இருந்தாலும், கூட்டல் கணக்கை நாமதான் போடணும்.

எந்தெந்தப் பெயர்? சிரப்னு முடியறது எல்லாம், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், பழச்சாறு கான்சன்ட்ரேட். வெல்லமும் தேனும்கூட இந்தக் கணக்குதான். 'ஓஸ்'னு முடிஞ்சா பெரும்பாலும் சர்க்கரை. ஆனா செல்லுலோஸ் நார்ச்சத்து. சுக்ரலோஸ் செயற்கை இனிப்பு. அந்த ரெண்டையும் விட்டுடலாம்.

இப்போ கணக்குக்காக நானே ஒரு பாரை உருவாக்கறேன். பட்டியல் இப்படி இருக்கு: ஓட்ஸ் 28%, நட்ஸ் 18%, சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், அரிசிப் பொரி, தேன் 6%, எண்ணெய், இன்வெர்ட் சிரப், பால் பவுடர், உப்பு.

சர்க்கரைக்குப் பக்கத்தில் சதவீதம் இல்லை. ஆனா தேனுக்கு இருக்கு, ஏன்னா முன்பக்கத்தில் பெருமையாச் சொன்ன பொருளுக்கு அளவு போடணும். அந்த நம்பர்தான் நமக்குச் சாவி. தேன் 6%னா, அதுக்கு மேலே நிற்கிற சர்க்கரையும் லிக்விட் குளுக்கோஸும் ஆளுக்கு 6%க்குக் குறைய முடியாது. மூணையும் கூட்டினா குறைந்தபட்சம் 18%. அதாவது இனிப்புகள் மட்டுமே நட்ஸ் அளவுக்கு வந்தாச்சு. இது தரைமட்டம்தான். என் பாரில் நான் போட்டது சர்க்கரை 12, லிக்விட் குளுக்கோஸ் 10, தேன் 6, இன்வெர்ட் சிரப் 4. மொத்தம் 32. முதல் இடத்தில் நிற்கிற ஓட்ஸைவிட அதிகம்!

அடுத்தது சத்து அட்டவணை. அதில் டோட்டல் சுகர்ஸ், ஆடட் சுகர்ஸ்னு ரெண்டு வரி இருக்கும். பால், பழத்தில் இயல்பா இருக்கிறதும் முதல் வரியில் சேரும். வெளியில இருந்து போட்டது ரெண்டாவது வரி. நம்ம பாருக்கு அது 100 கிராமுக்கு சுமார் 23 கிராம்னுதான் வரும். 32 எங்கே போச்சு? சிரப்பிலும் தேனிலும் கொஞ்சம் தண்ணீர் இருக்கு. லிக்விட் குளுக்கோஸில் பெரும்பகுதி நீளமான சங்கிலிகள். அதை சர்க்கரைன்னு எண்ண மாட்டாங்க. மால்டோடெக்ஸ்ட்ரினும் இதே மாதிரிதான். ஆனா உடம்பு அந்தச் சங்கிலியை வேகமா உடைச்சு குளுக்கோஸ் ஆக்கிடும். அதனால அப்பாவுக்கு வாங்கும்போது சர்க்கரை வரியோட நிறுத்தாம, மேலே இருக்கிற கார்போஹைட்ரேட் வரியையும் பாருங்க.

கடைசியா, 'பெர் சர்வ்' சதவீதம். இந்தியாவில் இது ஒரு நாளைக்கு 50 கிராம் ஆடட் சுகர் என்ற அடிப்படையில் போடறது. நம்ம பார் 40 கிராம், அதில் 9.2 கிராம், அதாவது 18%. டீ ஸ்பூன் கணக்கில் ரெண்டு ஸ்பூனுக்கு மேல. அதே பாக்கெட்டில் ஒரு சர்வ் 20 கிராம்னு எழுதினா, 9%னு அழகா தெரியும். பாதி பாரைக் கடிச்சுட்டு மீதியை யாரும் மடிச்சு வைக்கிறதில்லை. அதனால முதல்ல சர்வ் எத்தனை கிராம்னு பார்த்துட்டு, அப்புறமா சதவீதத்தைப் படிங்க.

ரெண்டு பாரை ஒப்பிடணும்னா 100 கிராம் பத்தியில் இருக்கிற ஆடட் சுகர்ஸை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அங்கே சர்வ் அளவு விளையாட முடியாது. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.